ஒல்லியான உயர 3டி பிரிண்டுகள் ஆடாமல், ஒடியாமல் நிற்க

தொட்டியில் வளரும் தக்காளிச் செடிக்கு ஊன்றுகோல் வேண்டும் என்று அக்கா கேட்டார். 10 மி.மீ. விட்டம், 200 மி.மீ. உயரத்தில் ஒரு நேரான உருளை. வரைய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்லைசரில் போட்டு, பெட்டின் நடுவே நிற்க வைத்து, பிரிண்ட் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது ஊன்றுகோல் பெட்டில் படுத்துக் கிடந்தது. நாசில் அந்தரத்தில் நூல் நூலாகப் பிளாஸ்டிக்கைக் கக்கிக்கொண்டிருந்தது.

3டி பிரிண்டர் வாங்கிய முதல் சில மாதங்களில் இது நடக்காதவர்கள் குறைவு. பலரும் உடனே அடியைச் சுற்றிப் பிரிம் என்ற தட்டையான விளிம்பைப் போட்டு மறுபடி ஓட்டுவார்கள். சில சமயம் சரியாகிவிடும், பல சமயம் ஆகாது. ஏனென்றால் இப்படிப்பட்ட பிரிண்ட் இரண்டு வெவ்வேறு விதமாகத் தோற்கிறது: ஒன்று, அடி பெட்டை விட்டுக் கழன்றுவிடுகிறது. இன்னொன்று, அடி உறுதியாக இருந்தும் தண்டு ஆடுகிறது அல்லது ஒடிகிறது. பிரிம் முதல் கோளாறுக்குத்தான் மருந்து. இரண்டாவதற்கு அது எதுவும் செய்யாது. அந்த ஒரே ஊன்றுகோலை வைத்தே இரண்டையும் பார்ப்போம்.

முதலில், விழுந்த துண்டைப் பாருங்கள்

குப்பையில் போடுவதற்கு முன் விழுந்த துண்டைக் கையில் எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அடி வழவழப்பாக, பெட்டின் மேற்பரப்பு அப்படியே பதிந்தது போல இருந்தால், முழு பிரிண்டும் வேரோடு கழன்று விழுந்திருக்கிறது. பெட்டில் ஒரு கட்டை மிஞ்சியிருந்து, கையிலுள்ள துண்டின் முனையில் சுவர் வளையங்களும் நடுவே இன்ஃபில் கோடுகளும் தெரிந்தால், அது இரண்டு லேயர்களுக்கு இடையே ஒடிந்திருக்கிறது.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. பிரிண்ட் முடிந்து நிற்கும், ஆனால் கீழ்ப்பாதி கண்ணாடி போல இருக்க, மேல்பாதியில் விரலை ஓட்டினால் வரி வரியாகச் சொரசொரக்கும். அந்த இடத்திலிருந்து தண்டு ஆடத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் உயரம் இருந்திருந்தால் ஒடிந்திருக்கும்.

காதும் உதவும். பாதி உயரத்துக்கு மேல் போனதும் ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்று கேளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் "டிக்... டிக்..." என்று மெல்லிய சத்தம் வந்தால், நாசில் எங்கோ மேடாக எழும்பிய பிளாஸ்டிக்கில் இடித்துக்கொண்டு போகிறது.

உயரம் ஏன் இவ்வளவு படுத்துகிறது

ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட தண்டை மறுமுனையில் பக்கவாட்டில் தள்ளினால் எவ்வளவு வளையும் என்பதற்கு ஒரு எளிய விதி உண்டு. நீளம் இரட்டிப்பானால் வளைவு 8 மடங்காகும். விட்டம் இரட்டிப்பானால் வளைவு 16-ல் ஒரு பங்காகக் குறையும்.

நம் ஊன்றுகோலுக்கே கணக்குப் போட்டேன். உள்ளே முழுக்க நிரம்பிய பிஎல்ஏ என்று வைத்துக்கொள்வோம். தண்டு 50 மி.மீ. உயரத்தில் இருக்கும்போது நாசில் அதை 100 கிராம் எடை அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளினால், உச்சி சுமார் 0.03 மி.மீ. நகரும். கண்ணுக்கே தெரியாது. 100 மி.மீ.-ல் அதே தள்ளல் 0.2 மி.மீ.க்குச் சற்று மேல். 200 மி.மீ.-ல் சுமார் 1.8 மி.மீ. நாசில் போடும் கோட்டின் அகலமே 0.4 மி.மீ. அளவுதான். அதாவது உச்சியில் அடுத்த கோடு, அது உட்கார வேண்டிய இடத்திலிருந்து நான்கு கோடு தள்ளிப் போய் விழலாம்.

கீழே அழகாக வந்த பிரிண்ட் மேலே போய்க் கெடுவதற்கு இதுதான் காரணம். பிரிண்டர் பாதியில் கெட்டுப்போகவில்லை, செட்டிங்கும் மாறவில்லை. உயரம் கூடக்கூட அதே சின்ன இடி பெரிய ஆட்டமாகிறது.

பெட் முன்னும் பின்னும் ஓடும் வகைப் பிரிண்டர் என்றால் இன்னொரு தொல்லையும் சேரும். பெட் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் தண்டு முழுவதும் உலுக்கப்படுகிறது, ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர் பிரேக் போட்டதும் சாய்வதைப் போல. பெட் கீழ்நோக்கி மட்டும் இறங்கும் வகைகளில் இந்த உலுக்கல் இல்லை. ஆனால் நாசில் இடித்தால் அங்கேயும் தண்டு ஆடத்தான் செய்யும்.

படி 1: அடியைப் பிடித்து வையுங்கள்

பெட்டைப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி, காய வைத்து, அப்புறம் பரப்பை விரலால் தொடாமல் மாட்டுங்கள். கைரேகையின் எண்ணெய் ஒன்றே 10 மி.மீ. வட்டம் ஒன்று கழலப் போதும்.

பிறகு பிரிம். அது முதல் லேயரில் மட்டும் பொருளைச் சுற்றிப் பரவும் தட்டையான வட்டம். நம் ஊன்றுகோலின் அடி 10 மி.மீ. வட்டம், பரப்பு சுமார் 79 சதுர மி.மீ. 8 மி.மீ. அகலத்துக்குப் பிரிம் போட்டால் அது 26 மி.மீ. வட்டமாகிப் பரப்பு சுமார் 530 சதுர மி.மீ. ஆகிறது. ஒட்டும் இடம் கிட்டத்தட்ட 7 மடங்கு. அதோடு, தண்டு கவிழ வேண்டுமானால் சாய வேண்டிய விளிம்பும் மையத்திலிருந்து 5 மி.மீ. என்பதற்குப் பதில் 13 மி.மீ. தள்ளிப் போகிறது.

க்யூராவில் Build Plate Adhesion Type என்பதை Brim ஆக்கி, Brim Width-ல் 8 கொடுங்கள். பிரூசா ஸ்லைசரில் Brim width அதே வேலையைச் செய்யும். அதன் பக்கத்தில் Brim separation gap என்று ஒன்று இருக்கும். சில ஸ்லைசர்களில் பிரிமைச் சுலபமாகப் பிய்க்க இதில் 0.1 போல ஒரு மதிப்பு வைத்திருப்பார்கள். உயரமான பிரிண்டுக்கு இதை 0 ஆக்கிவிடுங்கள். இடைவெளி இருந்தால் பிரிம் பெட்டில் ஒட்டியிருக்கும், தண்டு மட்டும் அதிலிருந்து விலகி விழும். நான் ஒருமுறை பெட்டில் பிரிம் வட்டம் பத்திரமாக இருக்க, நடுவே ஓட்டையோடு கிடந்ததைப் பார்த்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

முதல் லேயர் முடிந்ததும் குனிந்து பாருங்கள். பிரிம் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தகடாகத் தெரிய வேண்டும். தனித்தனி நூலாகத் தெரிந்தால் நாசில் உயரமாக இருக்கிறது. நிறுத்தி, இசட் ஆஃப்செட்டைச் சற்றுக் குறைத்து மறுபடி தொடங்குங்கள். இங்கே போகும் ஐந்து நிமிடம், பின்னால் போகும் இரண்டு மணி நேரத்தைவிட மேல்.

பிரிமோடு ஓட்டிய இரண்டாவது ஊன்றுகோல் கழலவில்லை. சுமார் 140 மி.மீ.-ல் ஒடிந்தது. அடி பெட்டில் கல் போல நின்றது. பிரிமால் முடிந்த வேலை அவ்வளவுதான். தண்டின் விறைப்பு ஒரு துளியும் கூடவில்லை.

படி 2: வேகத்தைக் குறையுங்கள், ஆனால் சரியான வேகத்தை

ஸ்லைசரில் தெரியும் பிரிண்ட் வேகம் இந்தச் சின்ன வட்டத்தில் பெரிதாகப் பேசாது. ஆக்சிலரேஷன்தான் பேசும், அதாவது பெட்டும் தலையும் எவ்வளவு வெடுக்கென்று கிளம்புகின்றன, திரும்புகின்றன என்பது. தண்டை உலுக்கும் விசை அதற்கு நேர் விகிதம். ஆக்சிலரேஷனைப் பாதியாக்கினால் உலுக்கலும் பாதியாகும்.

வினாடி² கணக்கில் 500 மி.மீ. என்பது ஒல்லியான தண்டுகளுக்கு நான் தொடங்கும் இடம். ஸ்லைசரில் Acceleration என்று தேடி, பிரிண்டுக்கும் நகர்வுக்கும் இரண்டுக்கும் கொடுங்கள். மார்லின் ஃபர்ம்வேர் என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போதே இப்படியும் அனுப்பலாம்:

```
M204 P500 T500
```

க்ளிப்பர் என்றால்:

```
SET_VELOCITY_LIMIT ACCEL=500
```

அடுத்தது லேயர் நேரம். புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். நம் ஊன்றுகோலின் ஒரு லேயரில் நாசில் ஓடும் தூரம், மூன்று சுவரும் கொஞ்சம் இன்ஃபிலும் சேர்த்து, 100 மி.மீ.க்குள்தான். வினாடிக்கு 50 மி.மீ. வேகத்தில் ஒரு லேயர் 2 வினாடியில் முடிந்துவிடும். பிஎல்ஏ சுமார் 60 டிகிரிக்கு மேல் இளகிவிடும். 2 வினாடியில் கீழ் லேயர் அந்த அளவுக்கு ஆறியிருக்காது. இளகிய பரப்பின் மேல் சூடான நாசில் மறுபடி வருகிறது. ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு எழும்புகின்றன. அடுத்த சுற்றில் நாசில் அந்த மேட்டில் இடிக்கிறது. முன்பு சொன்ன "டிக்" சத்தம் இதுதான். தண்டைப் பக்கவாட்டில் தள்ளுவதும் பெரும்பாலும் இதுதான்.

க்யூராவில் Minimum Layer Time, பிரூசா ஸ்லைசரில் Slow down if layer print time is below என்ற இடத்தில் 10 வினாடி கொடுங்கள். லேயர் அதைவிடச் சீக்கிரம் முடியும் என்றால் ஸ்லைசர் தானாக வேகத்தைக் குறைக்கும். ஃபேன் முழு வேகத்தில் ஓடட்டும். பக்கத்திலேயே குறைந்தபட்ச வேகம் என்றும் ஒன்று இருக்கும். அது 20 என்று இருந்தால் அதற்குக் கீழே ஸ்லைசர் போகாது, நீங்கள் கொடுத்த 10 வினாடியும் நடக்காது. அதை வினாடிக்கு 10 மி.மீ. ஆக்குங்கள்.

இதற்கு விலை நேரம். 0.2 மி.மீ. லேயரில் 200 மி.மீ. என்றால் 1000 லேயர். 2 வினாடிக் கணக்கில் அரை மணியைச் சற்றுத் தாண்டி முடிந்திருக்கும். 10 வினாடிக் கணக்கில் 2 மணி 47 நிமிடம். கீழ்ப்பகுதிக்கு மெதுவான ஆக்சிலரேஷன் தேவையில்லை என்று தோன்றலாம், உண்மைதான். ஆனால் லேயர் நேரம் கீழிருந்து மேல்வரை ஒன்றேதான், அடியிலும் வட்டம் அதே அளவுதானே.

ஒரு ஊன்றுகோலுக்குப் பதில் இரண்டைச் சற்றுத் தள்ளி வைத்து ஒரே நேரத்தில் பிரிண்ட் செய்வது இன்னும் நல்லது. நாசில் ஒன்றில் வேலை செய்யும்போது மற்றது நிம்மதியாக ஆறும். மெதுவாக ஓட்டும்போது சூடான நாசில் அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் சிக்கலும் இதில் குறையும். ஆனால் இரண்டுக்கும் நடுவே நூல் இழுபடும், ஒன்று விழுந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகலாம். தேவை இரண்டு என்றால் நிச்சயம் இப்படிச் செய்யுங்கள்.

படி 3: நாசில் இடிப்பதைக் குறையுங்கள்

இன்ஃபிலில் Grid வகையை விடுங்கள். அதன் கோடுகள் ஒரே லேயரில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும், வெட்டும் இடமெல்லாம் மேடாகும். Gyroid அப்படி வெட்டாது. இதைவிட நல்ல வழி, இன்ஃபிலையே ஏறக்குறைய மறந்துவிட்டுச் சுவரைக் கூட்டுவது. வளைவைத் தாங்குவது வெளி ஓரம்தான். 10 மி.மீ. தண்டில் 0.45 மி.மீ. கோடாக 2 சுவர் மட்டும் இருந்தால், இன்ஃபிலைக் கணக்கில் சேர்க்காமல், முழுதாக நிரம்பிய தண்டின் விறைப்பில் சுமார் 55 சதவீதம் கிடைக்கும். 4 சுவர் என்றால் 83 சதவீதம். நான் 5 போட்டேன், அதில் சுமார் 91 சதவீதம்.

தண்டுகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் இசட் ஹாப்பை 0.2 அல்லது 0.4 மி.மீ. வையுங்கள். நாசில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சற்று எழும்பிப் போகும்.

படி 4: வரைபடத்தையே மாற்றுங்கள்

மேலே சொன்னதெல்லாம் செய்து ஓட்டிய மூன்றாவது ஊன்றுகோல் முழுசாக வந்தது. உச்சியில் கடைசி 30 மி.மீ.-ல் மட்டும் லேசான வரி. அக்காவிடம் கொடுத்தேன். மண்ணில் நட்டுச் செடியைக் கட்டிய அன்றே, மண்மட்டத்துக்குச் சற்று மேலே பட்டென்று ஒடிந்தது. ஒடிந்த முகம் சுத்தமான ஒரு லேயர் கோடு.

நிற்க வைத்து பிரிண்ட் செய்த தண்டில் லேயர்கள் நாணயம் அடுக்கியது போல ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. வளைக்கும்போது அந்த ஒட்டுக்களைத்தான் பிரிக்கிறோம். ஸ்லைசரில் எதை மாற்றினாலும் இந்தப் பலவீனம் முழுதாகப் போகாது. ஆகவே தண்டு பயன்பாட்டில் வளையப்போகிறது என்றால் முதல் கேள்வி, அதை ஏன் நிற்க வைக்க வேண்டும் என்பதாகவே இருக்கட்டும்.

உருளையை அப்படியே படுக்க வைத்தால் அது பெட்டை ஒரு கோட்டில் மட்டும்தான் தொடும். அதனால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தேன். ஒவ்வொரு பாதியும் 200 மி.மீ. நீளம், 5 மி.மீ. உயரம், தட்டையான முகம் பெட்டில். உயரமே இல்லாததால் ஆட்டமும் இல்லை. லேயர்கள் நீளவாக்கில் ஓடுவதால் வளைவைத் தாங்குவது ஒட்டு அல்ல, முழு நீளக் கோடுகள்.

தட்டையான முகத்தில், இரு முனைக்கு அருகிலும் நடுவிலுமாக மூன்று இடத்தில், 2 மி.மீ. விட்டம், 3 மி.மீ. ஆழத்தில் துளை வரையுங்கள். ஒட்டும்போது 1.75 மி.மீ. ஃபிலமென்டையே 5.5 மி.மீ. துண்டாக வெட்டி அதில் செருகினால் இரண்டு பாதியும் நகராமல் சேரும். உடனடியாக ஒட்டும் பசையை மெல்லிய கோடாக விட்டு, மேலே கனமாக எதையாவது வைத்து அழுத்துங்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: நீளமான பட்டை முனைகளில் பெட்டை விட்டு எழும்பப் பார்க்கும். சுற்றிலும் பிரிம் போட்டால் ஒட்டும் ஓரம் பிசிறாகும். எனவே நான்கு மூலையிலும் 15 மி.மீ. விட்டம், ஒரு லேயர் தடிமனில் சின்ன வட்டத் தட்டு மட்டும் வரைந்து சேர்த்தேன். முடிந்ததும் கத்தியால் நறுக்கிவிடலாம்.

சரி, எல்லாவற்றையும் இப்படிப் பிளக்க முடியாது. சுற்றிலும் வேலைப்பாடுள்ள தூண், ஒட்டுக்கோடே தெரியக்கூடாத பொம்மையின் கை என்று நிற்க வைத்தே ஆக வேண்டியவை இருக்கும். அங்கே எனக்கு அதிகம் கைகொடுத்தவை மூன்று.

முதலாவது, அடியைப் பருமனாக்குவது. 10 மி.மீ. நேர்தண்டுக்குப் பதில் அடியில் 14, உச்சியில் 8 என்று சரிவாக வரையுங்கள். 14 மி.மீ. உள்ள இடத்தில் விறைப்பு 10-ஐவிடக் கிட்டத்தட்ட 4 மடங்கு. அதிகம் வளைவு தாங்க வேண்டிய இடமும் அடிதான். அடித்தட்டு ஒன்று இருந்தால், தட்டும் தண்டும் சந்திக்கும் கூர்மூலையை 4 அல்லது 5 மி.மீ. ஆரத்தில் வளைவாக நிரப்புங்கள். அந்தக் கூர்மூலையில்தான் முதல் வெடிப்பு விழும்.

இரண்டாவது, குறுக்கே இரண்டாக வெட்டுவது. 200 மி.மீ. தண்டை 100, 100 என்று ஆக்கினால் உச்சியின் ஆட்டம் 8-ல் ஒரு பங்கு. ஒன்றில் முளை, மற்றதில் குழி வைத்து, சுற்றிலும் 0.2 மி.மீ. இடைவெளி விடுங்கள். முளையைத் தனியாகப் படுக்க வைத்து பிரிண்ட் செய்து இரண்டு பக்கமும் குழி வைப்பது இன்னும் உறுதி.

மூன்றாவது, பிய்த்து எறியக்கூடிய தாங்கல். தண்டின் பக்கத்தில் 1.2 மி.மீ. தடிமனில், அடியில் 30 மி.மீ. அகலமாகவும் மேலே குறுகியும் போகும் முக்கோணத் தகடு ஒன்றை இரு பக்கமும் வரையுங்கள். தண்டிலிருந்து 0.3 மி.மீ. விலகி நிற்கட்டும். ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் ஒரு சின்னப் பாலம், 0.8 மி.மீ. தடிமனில், தண்டைத் தொடட்டும். முடிந்ததும் கையால் ஒடித்துப் பிரிக்கலாம், சின்னத் தழும்புகளை அரத்தால் தேய்த்துவிடலாம்.

தகட்டை எந்தத் திசையில் வைக்கிறீர்கள் என்பது முக்கியம். பெட் ஓடும் வகைப் பிரிண்டரில் தகட்டின் அகலம் பெட் ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். இது தாங்கலுக்கு மட்டுமல்ல, தட்டையான எந்தப் பொருளுக்கும் பொருந்தும். 20 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன் உள்ள ஒரு பட்டை அகலவாக்கில் காட்டும் விறைப்பு, தடிமன்வாக்கில் காட்டுவதைப் போல 16 மடங்கு. ஸ்லைசரில் 90 டிகிரி திருப்பி வைத்தாலே போதும். பைசாச் செலவில்லாத மாற்றம் இது, எந்த செட்டிங்கைத் தொடுவதற்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

பிளந்து ஒட்டிய ஊன்றுகோலைக் கொடுப்பதற்கு முன் இரு முனையையும் பிடித்து வளைத்துப் பார்த்தேன். வில் போல வளைந்து, விட்டதும் நிமிர்ந்தது. இப்போது அது தொட்டியில் நிற்கிறது, செடி அதைவிட உயரமாக வளர்ந்துவிட்டது. அடுத்தது 300 மி.மீ. வேண்டும் என்கிறார் அக்கா. என் பெட் 220 மி.மீ.தான். ஒரு பாதியை 100, 200 என்றும் மற்றதை 200, 100 என்றும் வெட்டி, செங்கல் கட்டு போல இணைப்புகள் ஒரே இடத்தில் வராமல் ஒட்டப் போகிறேன்.